இழுபறியான விஷயத்தை எந்த எழுத்தில் அனுப்புவது?

தமிழ் பேசுகிறவர் ஒருவருக்குப் போனில் மெசேஜ் போட மூன்று வழி இருக்கிறது. தமிழ் எழுத்தில் தமிழ், ஆங்கில எழுத்தில் தமிழ், நேரடியாக ஆங்கிலம். ‘சாப்பிட்டாச்சா’, ‘பஸ் ஏறிட்டன்’ போன்றவற்றுக்கு எதில் போட்டாலும் ஒன்றுதான். காசு, காணி, கோபம், மன்னிப்பு என்று வரும்போதுதான் எழுத்து வேலை செய்யத் தொடங்குகிறது. ஒரே செய்தி மூன்று எழுத்திலும் மூன்று குரலில் கேட்கும். யார் வீட்டில் யார் அதை வாசிப்பார்கள் என்பதும் மாறிவிடும்.

ஒரு உதாரணத்தை வைத்தே முழுவதையும் பார்ப்போம். வட்டக்கச்சியில் இருக்கிற ஒருவர், கனடாவில் இருக்கிற அக்காவின் புருசனுடைய மூன்று ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்கிறார். ஏக்கருக்கு 20,000 ரூபாய், காலபோகம் வெட்டினதும் 60,000 கொடுப்பது என்று பேச்சு. அறுவடை நேரத்தில் மழை பெய்து நெல் சாய்ந்துவிட்டது. மெசின் இறங்க முடியாமல் ஒரு கிழமை போய், வெட்டுக்கூலியும் கூடிவிட்டது. பாதிக் காசுதான் கையில் இருக்கிறது. இதை அத்தானுக்குச் சொல்ல வேண்டும். நம்முடைய ஆள் சொல்வதற்கு முன்பே கதை வேறு வழியால் அங்கே போய்விட்டது. அத்தானிடமிருந்து இப்படி ஒரு வரி வருகிறது:

```
Neer mamiyitta poi sonnathu sariyillai
```

மாமி என்றால் அத்தானுக்கு மாமியார், நம்முடைய ஆளுக்கு அம்மா. இந்த வரியை வாசித்தவுடன் நம்மவருக்குத் தலை சூடாகிறது. ‘மாமியிட்ட பொய் சொன்னது சரியில்லை’ என்றுதான் அவர் வாசித்தார். ‘நான் எங்க பொய் சொன்னனான்?’ என்று எழுதத் தொடங்கிவிட்டார். அத்தான் எழுத நினைத்ததோ ‘மாமியிட்ட போய்ச் சொன்னது சரியில்லை’ என்று. என்னிடம் நேரே சொல்லாமல் மாமியிடம் போய்ச் சொல்லிவிட்டாயே என்ற மனத்தாங்கல் அது. ஒன்று சின்ன வருத்தம், மற்றது பெரிய பழி. இரண்டும் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன.

இப்படி ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும்போது ழ, ள, ல குழம்புவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சண்டை வருவது பெரும்பாலும் அதனால் இல்லை. குறிலும் நெடிலும் ஒன்றாகிப் போவதுதான் வில்லங்கம். அதிலும் எ-ஏ, ஒ-ஓ. ஆ என்றால் சிலர் இரண்டு `a` போடுகிறார்கள், ஈ என்றால் `ee` போடுகிறார்கள். ஏயையும் ஓவையும் நீட்டி எழுத எல்லோருக்கும் பொதுவான முறை ஒன்று அமையவில்லை, ஏனென்றால் `ee` என்றால் ஈ என்றும் `oo` என்றால் ஊ என்றும் கண் பழகிவிட்டது. அதனால் `ketta kasu` என்றால் கேட்ட காசா, கெட்ட காசா என்பது வாசிப்பவர் கையில். `kasu pathi` என்றால் காசு பாதியா, காசு பற்றியா என்பதும் அப்படித்தான்.

பழைய ஓலைச்சுவடிகளிலும் இதே சிக்கல் இருந்தது. குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி வைக்க வேண்டும் என்று இலக்கணம் சொன்னாலும், ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். வாசிப்பவர்தான் இடம் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால்தான் இன்று ஏயும் ஓவும் பார்வைக்கே வேறாகத் தெரிகின்றன என்று சொல்வார்கள். அந்த வசதியை நாங்கள் போனில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

கொடுத்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. முந்திய போன்களில் பலவற்றில் தமிழ் எழுத்தே தெரியாது, பெட்டி பெட்டியாகத்தான் வரும். அடுத்தது எஸ்எம்எஸ் கணக்கு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துப் போகும். தமிழில் போட்டால் 70தான். அந்த 70இலும் ஒரு குறியும் ஒரு எழுத்தாக எண்ணப்படும். ‘கொடுத்தேன்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து, போனுக்குப் பத்து. அதனால் கொஞ்சம் நீளமாகத் தமிழில் எழுதினால் இரண்டு மூன்று எஸ்எம்எஸ்ஸாக உடைந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு வெட்டும். இன்று வட்ஸ்அப், வைபரில் அந்தக் கணக்கு இல்லை. ஆனால் கை பழகினது பழகினதுதான். டேட்டா முடிந்து எஸ்எம்எஸ்ஸுக்குத் திரும்புகிற நாளில் மட்டும் இது இன்னும் பொருந்தும்.

சரி, நம்முடைய ஆள் இப்போது என்ன செய்வது? முதல் வேலை பதில் சொல்வது இல்லை, சந்தேகப்படுகிற சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டுக் கேட்பது. ‘அத்தான், போய்ச் சொன்னதா, பொய் சொன்னதா?’ அவ்வளவுதான். இதை எழுத அரை நிமிடம் போதும். ஆங்கில எழுத்தில் வந்த ஒரு வரியை வாசித்ததும் கோபம் வந்தால், அந்தக் கோபம் எந்தச் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, அந்தச் சொல்லைக் குறிலாகவும் நெடிலாகவும் மாற்றி மாற்றி வாய்விட்டு ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது. பாதிச் சண்டை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து, காசு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தில் என்றால் இப்படி வரும்:

```
Athan intha murai mulu kasum thara elathu. Pathi ippa poduran
```

இதில் சொற்குழப்பம் பெரிதாக இல்லை. ஆனாலும் எனக்கு இது பிடிக்கவில்லை. ஆங்கில எழுத்துத் தமிழ் எப்போதும் அவசரத்தின் குரலில்தான் கேட்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் தட்டினது போல இருக்கும். பகிடிக்கும் நலம் விசாரிக்கவும் அந்தக் குரல் நல்லது, நெருக்கமாகவும் இருக்கும். 30,000 ரூபாயைப் பிந்தித் தருகிறேன் என்பதை அதே குரலில் சொன்னால், ‘இவன் இதைப் பெரிதாக எடுக்கவில்லை’ என்று அத்தானுக்குத் தோன்றும். சொல்லில் இல்லாத அலட்சியத்தை எழுத்து கொண்டுவந்து சேர்த்துவிடும்.

அப்படியென்றால் ஆங்கிலத்தில் எழுதினால்? பள்ளிக்கூட ஆங்கிலம் இருப்பவர்கள் பலர் கஷ்டமான விஷயம் என்றதும் ஆங்கிலத்துக்குப் போவார்கள். காரணம் எனக்கு விளங்குகிறது. தமிழில் ‘தர ஏலாது’ என்று எழுதும்போது நாக்கு கூசும். ஆங்கிலத்தில் அதே பொருள் வேறு யாரோ சொல்வது போல இருக்கும், கூச்சம் குறையும். இன்னொரு வசதியும் உண்டு. ஈழத்துத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. கோபமாக இருக்கும்போது எந்தப் படியில் நிற்பது என்பதே ஒரு தலையிடி. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே `you`. தப்பித்துக்கொள்ளலாம்.

ஆனால் தப்பித்ததை மற்றப் பக்கம் கவனிக்கும். நீங்கள் என்று கூப்பிட்டு வந்தவர் திடீரென்று அதைச் சொல்லாமல் விட்டால், மரியாதையை மறைத்துவிட்டார் என்றுதான் படும். ‘அத்தான்’ என்ற சொல்லும் ஆங்கில வரியில் உட்காராது, அதுவும் போய்விடும். உறவைச் சொல்லும் இரண்டு சொற்களும் போன பிறகு மிஞ்சுவது இப்படித்தான் இருக்கும்:

```
I cannot pay the full lease this time.
You must understand our situation.
```

இதில் இரண்டாவது வரியைப் பாருங்கள். எழுதினவர் மனதில் இருந்தது ‘எங்கட நிலைமையை நீங்கள்தான் விளங்கிக்கொள்ள வேணும்’ என்ற கெஞ்சல். தமிழில் ‘வேணும்’ கெஞ்சவும் செய்யும், கட்டளையிடவும் செய்யும், குரல்தான் பிரிக்கும். ஆங்கிலத்தில் `must` அந்த இடத்தில் அதட்டலாகத்தான் கேட்கும். கனடாவில் இருபது முப்பது வருடம் வேலை செய்த ஒருவருக்கு அது நன்றாகவே உறைக்கும்.

அதோடு ஆங்கிலம் வாசகரையும் மாற்றிவிடுகிறது. அக்காவுக்கு ஆங்கில மெசேஜ் கொஞ்சம் இடறினால் மகனைக் கூப்பிட்டு ‘மாமா என்ன எழுதியிருக்கிறார் எண்டு பார்’ என்பார். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை அதைத் தனக்குத் தெரிந்த தமிழில் ‘காசு தர மாட்டாராம், நீங்கள் விளங்க வேணுமாம்’ என்று சொல்லும். நம்முடைய ஆள் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதினார், பிள்ளை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்கிறது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, இரண்டு இடத்திலும் பணிவு கொட்டிப் போகிறது. குடும்பக் காசுக்கதைக்குள் பிள்ளையையும் இழுத்துவிட்டதுதான் மிச்சம்.

ஆங்கிலம் சரியாகப் பொருந்துகிற இடமும் இருக்கிறது. பேச வேண்டியது அந்தப் பிள்ளையோடுதான் என்றால், காணி இப்போது அவர் பெயரில் இருக்கிறது என்றால், ஆங்கிலம்தான் மரியாதை. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் இருக்கலாம், தெரிந்தாலும் எழுத்துக் கூட்டி வாசிப்பார். அப்படி எழுதும்போது `must`, `should` இரண்டையும் எடுத்துவிட்டு, என்ன நடந்தது, எவ்வளவு, எப்போது என்ற மூன்றை மட்டும் சிறிய வசனங்களில் எழுதினால் போதும். முதல் வரியில் அவர் பெயரும், கடைசியில் ‘மாமா’ என்று உங்கள் உறவும் இருந்தால் கடிதத்துக்கு முகம் வந்துவிடும்.

இனித் தமிழ் எழுத்து. என் எண்ணத்தில் நம்முடைய ஆளுக்கு இதுதான் சரி. ஆனால் தமிழ் எழுத்துக்குள்ளும் ஒரு குழி இருக்கிறது. தமிழ் கீபோர்ட்டைத் திறந்ததும் பலருக்குக் கந்தோர்க் கடிதம் எழுதுகிற கை வந்துவிடும்:

‘இம்முறை குத்தகைப் பணத்தை முழுமையாகச் செலுத்த முடியாதுள்ளது என்பதை அறியத்தருகின்றேன். மீதிப் பணம் சிறுபோக அறுவடையின் பின்னர் வழங்கப்படும்.’

பிழை ஒன்றும் இல்லாத தமிழ். வாசிப்பவருக்கோ பிரதேச செயலகத்தில் இருந்து வந்தது போல இருக்கும். ‘வழங்கப்படும்’ என்றால் யார் வழங்குவது? ஆள் மறைந்துவிட்டார். ‘அறியத்தருகின்றேன்’ என்றதும் அடுத்து மத்தியஸ்த சபைக்குப் போகப் போகிறானோ என்று அத்தான் யோசிப்பார். ‘பதில் தரவும்’, ‘தெரியப்படுத்தவும்’ என்கிற ‘-வும்’ முடிவும் அறிவித்தல் பலகையின் குரல்தான். பணிவு என்று நினைத்து ‘தாங்கள்’ போட்டால் இன்னும் தூரம் போய்விடும். நேற்றுவரை ‘நீங்கள்’ என்று கதைத்த ஆளை இன்று ‘தாங்கள்’ என்றால் அது கோபத்தின் அடையாளம்தான்.

உண்மையில் கடிதம் மத்தியஸ்த சபைக்கோ கிராம அலுவலருக்கோ போக வேண்டிய கட்டம் வந்துவிட்டால் அந்தக் கந்தோர்த் தமிழே வேண்டும். அங்கே ஆங்கில எழுத்துத் தமிழைக் காட்டினால், ‘போய்’, ‘பொய்’ விவகாரம் போல ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொருள் சொல்லலாம். ஆனால் அத்தானோடு இருக்கிறது அந்தக் கட்டம் இல்லை.

குடும்பத்துக்குள் வேண்டியது தமிழ் எழுத்தில் பேச்சுத் தமிழ். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இதுவரை இரண்டு பேரும் ஆங்கில எழுத்திலேயே எழுதிவந்திருக்கிறார்கள். திடீரென்று ஒரு பக்கம் தமிழ் எழுத்தில் நீளமாக வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று வாசிக்கும் முன்பே மற்றவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். எழுத்தை மாற்றுவதே ஒரு சொல். எந்த எழுத்து கடுமை, எந்த எழுத்து மென்மை என்று பொதுவாகச் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். வழக்கமாகத் தமிழில் எழுதிக்கொள்ளும் இரண்டு பேரில் ஒருவர் ஆங்கில எழுத்துக்கு மாறினால், அதுவும் முகத்தைத் திருப்பின மாதிரித்தான். அதனால் மாறுவதென்றால் பழைய எழுத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு மாறலாம்:

```
Athan konjam neelama irukku, vilangattum endu thamila poduran
```

அப்புறம் விஷயம் இப்படிப் போகலாம்:

‘அத்தான், குத்தகைக் காசு விஷயமா எழுதுறன். வெட்டுற நேரம் மழை பெய்து நெல்லு சாஞ்சு போச்சு. மெசின் இறங்க ஏலாமல் ஒரு கிழமை பொறுத்துத்தான் வெட்டினது, கூலியும் கூடிப்போச்சு. உங்களுக்கு 60,000 தரவேணும். அதில 30,000 இந்தக் கிழமை அம்மான்ர கணக்கில போட்டுவிடுறன். மிச்சம் 30,000 சிறுபோகம் வெட்டினாப் பிறகு தருவன். இந்த முறை எங்கட பக்கத்துக்கு இரணைமடுத் தண்ணி தர மாட்டினம் எண்டால், அந்த மிச்சத்தை எப்ப தாறது எண்டு முதலே உங்களோட கதைப்பன். அம்மாட்ட நான் போய்ச் சொன்னது உங்களைக் குறை சொல்ல இல்லை. அவ கேட்டவ, சொன்னனான். உங்களிட்ட முதல் சொல்லியிருக்க வேணும்.’

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். ‘தருவன்’, ‘கதைப்பன்’ என்று ஒவ்வொரு வினையிலும் ஆள் நிற்கிறார். ‘போய்ச் சொன்னது’ என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் ச் போட்டே எழுதியிருக்கிறார், அது இனிப் பொய் ஆக முடியாது. தொகை இலக்கத்தில் இருக்கிறது, அது எந்த எழுத்திலும் மாறாது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்தால் சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் பங்கு கிடைக்காது என்பது அத்தானுக்கும் தெரிந்த கதை. அதை ஒளிக்காமல் சொன்னதால் வாக்குறுதி நம்பக்கூடியதாக இருக்கிறது. ‘எண்டால்’ என்ற அந்தச் சிறிய சொல் ஆங்கில எழுத்தில் கண்ணுக்குத் தப்பிப் போகக்கூடியது. பிறகு ‘தருவன் எண்டுதானே சொன்னனீர்’ என்று அதிலிருந்துதான் அடுத்த சண்டை கிளம்பும்.

தமிழில் வேகமாகத் தட்ட வராது என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. முழுவதையும் ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு, தப்பாக வாசிக்கக்கூடிய ஓரிரு சொற்களை மட்டும் தமிழ் எழுத்தில் மாற்றலாம். `mamiyitta போய்ச் sonnathu` என்று போட்டால் பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் பொருள் தெளிவு. எந்தச் சொல் என்று கண்டுபிடிக்க, அனுப்பும் முன் போனை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்குகிற சொல்லும், நீங்கள் நினைக்காத குரலில் வாசிக்கிற சொல்லும்தான் மாற்ற வேண்டியவை. வாயால் சொல்லி எழுத வைக்கிற வசதி தமிழுக்கும் இருக்கிறது. ஆனால் அது பேச்சுத் தமிழைச் சில இடங்களில் தன் விருப்பத்துக்கு மாற்றிவிடும், திருப்பி வாசிக்காமல் அனுப்பக் கூடாது.

வொய்ஸ் மெசேஜ் போட்டால் இந்தத் தலையிடியே இல்லையே என்று கேட்கலாம். குரல் நல்லதுதான், மன்னிப்புக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் தொகையும் திகதியும் குரலில் நிற்காது, மூன்று மாதம் கழித்துத் தேடவும் முடியாது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம்: மனதைக் குரலில், கணக்கை எழுத்தில்.

அனுப்புகிற நேரமும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ரொறன்ரோ இங்கிருந்து பத்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கும். இங்கே பின்னேரம் ஏழு மணிக்கு அனுப்பினால் அங்கே காலை எட்டரை, ஆள் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பார். போன் திரையில் முதல் வரி மட்டும்தான் தெரியும். முதல் வரி ‘காசு தர ஏலாது’ என்று இருந்தால் அதை மட்டும் சுமந்துகொண்டு நாள் முழுக்கத் திரிவார். ‘அத்தான், குத்தகைக் காசு விஷயமா எழுதுறன்’ என்பது அந்த ஒரு வரிக்காகவே மேலே வைத்தது. பதிலாக வெறும் `ok` வந்தால் அதையும் இதே கணக்கில் வாசியுங்கள். அவர் எப்போதும் `ok` போடுகிற ஆள் என்றால் அது சம்மதம். எப்போதும் ‘சரி தம்பி’ என்று எழுதுகிறவர் இன்று மட்டும் `ok` போட்டிருந்தால், அங்கே இரவு வரும்வரை பொறுத்துவிட்டு ஒரு கோல் எடுங்கள்.